கடைக்கு எழுதினால் போதாது

புதுக்கோட்டையில் சிம் வாங்கிய ஒருவர், அது யாரோ ஒருவர் பெயரில் பதிவாகியிருப்பதை அறிந்து கடைக்குப் புகார் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'பழைய சிம்மைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு சிம் தாருங்கள்' என்றுதான் பெரும்பாலும் கேட்பார். அந்தக் கோரிக்கையே தவறு. சிம்மைத் திருப்பிக் கொடுத்தால் சாட்சியமும் கடைக்காரரிடமே போய்விடும். நாளை அதே சிம் இன்னொருவர் கைக்குப் போகலாம்.

இந்த மோசடி பெரும்பாலும் கைரேகைக் கருவியில் தொடங்குகிறது. "ரேகை விழல, இன்னொரு தடவை வைங்க" என்பார் விற்பவர். முதல் ரேகையிலேயே ஒரு சிம் பதிவாகியிருக்கும்; இரண்டாவதில் இன்னொன்று பதிவாகும். வந்தவர் ஒன்றோடு போய்விடுவார். மற்றது ஆதார், புகைப்படம் எதுவும் கேட்காமல் அடுத்தவருக்கு விற்கப்படும். ரேஷன் கடையிலும் ரேகை விழாமல் திரும்பத் திரும்ப விரல் வைத்துப் பழகிய கல் குவாரித் தொழிலாளியும் வயற்காட்டுப் பெண்ணும் இதைச் சந்தேகிக்க வழியில்லை.

உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் சந்தாதாரர் சரிபார்ப்பு குறித்துத் தீர்ப்பளித்தது. வாடிக்கையாளரைச் சரிபார்க்கும் முன் சிம்மை இயங்க வைக்கக் கூடாது என்று அதே ஆண்டில் தொலைத்தொடர்புத் துறை கட்டளையிட்டது. இன்று மோசடியாலோ ஆள்மாறாட்டத்தாலோ சிம் பெறுவதற்கு, 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி 3 ஆண்டு வரை சிறையோ 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு.

ட்ரூகாலரில் வேறு பெயர் வருவதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. பயன்பாட்டில் இல்லாத எண்கள் சில மாதங்களில் புதியவருக்கு ஒதுக்கப்படுவதால் பழைய உரிமையாளர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கலாம். உங்கள் பழைய எண்ணால் tafcop.sancharsaathi.gov.in தளத்தில் நுழைந்தால் உங்கள் பெயரில் உள்ள எண்களின் பட்டியல் வரும். புதிய எண் அதில் ஏறச் சில நாள் ஆகலாம். அதன் பிறகும் இல்லையென்றால் நிறுவனத்தின் சேவை மையத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அதுவரை அந்த எண்ணை வங்கிக் கணக்கில் இணைக்கக் கூடாது. பதிவில் உள்ள உரிமையாளர் 'இது என் எண் அல்ல' என்று தெரிவித்தால் இணைப்பு துண்டிக்கப்படும். அவரே நகல் சிம் வாங்கிவிட்டால் உங்கள் ஓ.டி.பி. அவருக்குப் போகும்.

ஆகவே கடிதத்தில் வாங்கிய தேதி, செல்பேசி எண், சிம்மின் மேல் அச்சிட்ட நீண்ட வரிசை எண், கொடுத்த தொகை, ரேகையும் படமும் எடுக்கப்படவில்லை என்ற விவரம் ஆகியவை இருக்க வேண்டும். கடையில் ஒப்புகை வாங்கிக்கொண்டு, நகல்களை நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும் காவல் நிலையத்துக்கும் அனுப்ப வேண்டும். மோசடியாகப் பெற்ற சிம்மை வைத்திருந்தவர் என்ற பழி உங்கள்மேல் விழாமல் காப்பது அந்த ஒப்புகைதான்.

ஆனால் முதல் பொறுப்பு நிறுவனத்துடையது. எந்த விற்பனையாளர் குறியீட்டில், எந்த நேரத்தில் சிம் பதிவானது என்பது அதன் கணினியிலேயே இருக்கிறது. 'அது கடைக்காரர் செய்தது' என்று அது ஒதுங்க இடம் தரக் கூடாது. புகார் வந்ததும் அதே குறியீட்டில் பதிவான மற்ற சிம்களையும் நிறுவனம் சோதித்து, பெயர் களவாடப்பட்ட ஒவ்வொருவருக்கும் தகவல் சொல்ல வேண்டும். மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தொலைத்தொடர்புச் சேவைப் புகார்களை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது.