வீங்கிய காலும் பீடிக் கதையும்: டிரெய்லர் ஓட்டுநர் சங்கத்தின் நிலைப்பாடு



எண்ணூர் விரைவுச்சாலையின் டிரெய்லர் வரிசையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்த நம் தோழரின் கால் வீங்கியது உங்களுக்குத் தெரியும். சிகிச்சைச் செலவைத் தர மறுத்து அவருடைய நிறுவனம் அனுப்பிய கடிதத்துக்கே இந்தப் பதில். ரத்தக்குழாய் அடைப்பாம், பீடியால் வந்ததாம், வேலைக்குத் தொடர்பில்லையாம். எந்தக் குழாய் என்று ஒரு வார்த்தை கேட்டார்களா?

பீடி பெரும்பாலும் கெடுப்பது தமனியை, அதாவது காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயை. அது அடைபட்டால் நடக்கும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், நின்றால் விடும். முற்றினால் பாதம் சில்லிட்டு வெளுக்கும், புறங்காலில் நாடி கிடைக்காது, விரல் கறுக்கும். நம் தோழரின் இடது காலோ வீங்கிச் சிவந்து சுட்டது. நாடி நன்றாகவே துடித்தது. கெண்டைக்கால் வலதைவிட 4 செ.மீ. பருத்திருந்தது, 3 செ.மீ.க்கு மேல் போனாலே மருத்துவர்கள் சந்தேகப்படுவார்கள். டாப்ளர் ஸ்கேனில் அழுத்திப் பார்த்தபோது தொடையின் ஆழ்சிரை அமுங்கவில்லை. உள்ளே ரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தது.

சிரை ரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்லும் குழாய். தமனியில் கட்டி பிய்ந்தால் கீழே விரலை நோக்கிப் போகும். சிரையில் பிய்ந்தால் தொடை, அடிவயிறு, பெருஞ்சிரை என மேலே ஏறும். வழி அகன்றுகொண்டே போவதால் எங்கும் சிக்காமல் இதயத்தின் வலப்பக்கம் கடந்து, நுரையீரலில் குழாய் கிளைத்துக் குறுகும் இடத்தில் அடைக்கும். கால் வீங்கிய மூன்றாம் நாள் அவருக்கு மூச்சிரைத்ததும், மூச்சை இழுத்தால் நெஞ்சு குத்தியதும் இதனால்தான். முந்தின இரவு கிளீனர் அந்தக் காலை எண்ணெய் போட்டு உருவிவிட்டிருக்கிறார், அதில் கட்டி பிய்ந்திருக்கலாம். குற்றம் சொல்லவில்லை, நாமும் அதைத்தான் செய்திருப்போம். இனி ஒற்றைக் கால் வீங்கினால் உருவாதீர்கள், ஸ்டான்லிக்குப் போங்கள்.

உட்கார்ந்தே இருந்தது மட்டுமே காரணம் என்று செயற்குழு சொல்லவில்லை. ஆனால் சிரை ரத்தத்தை மேலேற்றுவது கெண்டைக்கால் தசையின் அசைவு. மடக்கிய காலோடு உட்கார்ந்தே இருந்தால் ரத்தம் தேங்கும். 1940இல் லண்டன் குண்டுவீச்சின்போது பதுங்கிடங்களில் இரவெல்லாம் நாற்காலியில் கிடந்தவர்கள் இப்படி நுரையீரல் அடைத்து இறந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாத பயணம் இந்த அபாயத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. நம் வரிசை 4 மணி நேரத்திலா முடிகிறது? கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறோம். வரிசை நகர்ந்தால் இடம் போய்விடும் என்று இறங்கி நடப்பதும் இல்லை. இதையெல்லாம் பீடிக் கணக்கில் எழுதுவது அயோக்கியத்தனம். (இந்தச் சொல்லை நீக்கச் சிலர் கேட்டனர். பெரும்பான்மை வைத்துக்கொண்டது.)

நாம் கேட்பது இவை: வரிசையில் கழிப்பறையும் குடிநீரும் வேண்டும். 2 மணி நேரத்துக்கொரு முறை இடம் இழக்காமல் இறங்கி நடக்க டோக்கன் வேண்டும். கடிதம் திரும்பப் பெறப்பட வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைக் குறைந்தது 3 மாதம் சாப்பிடத் தோழரிடம் மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குச் சம்பளம் கிடைத்தது 12 நாளுக்குத்தான்.