கேள்வி நேரம்: அடுப்பு வாயின் வழியே போகும் வெப்பம்

கேள்வி: கரும்பு ஆட்டி நாட்டுச்சர்க்கரை காய்ச்சுகிறோம். முன்பெல்லாம் ஆட்டிய சக்கையே எரிக்கப் போதும். இரண்டு வருடமாகக் கடைசியில் சக்கை பற்றாமல் விறகு வாங்க வேண்டியிருக்கிறது. சக்கை தள்ளும் அடுப்பு வாய் அகலம் 16 அங்குலம், உயரம் 16 அங்குலம். சுவர் 9 அங்குலம். எதிரே நிற்க முடியாத அளவுக்கு அனல் அடிக்கிறது. உட்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தால் வெப்பம் உள்ளேயே நிற்கும் என்கிறார்கள். செய்யலாமா?
- கரும்பு விவசாயி, கவுந்தப்பாடி பகுதி

பதில்: சுண்ணாம்பு அடிப்பதால் பயனில்லை. வாயைச் சுருக்குவதில்தான் பயன் இருக்கிறது. காரணத்தைத் தெரிந்துகொண்டால், எவ்வளவு சுருக்குவது என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நடுப்பகலில் தெருவில் நின்று ஒரு வீட்டின் சன்னலைப் பார்த்தால் உள்ளே இருட்டாகத் தெரியும். அறைச் சுவர் வெள்ளையாக இருந்தாலும் அப்படித்தான். சன்னல் வழியே புகுந்த வெளிச்சம் சுவருக்குச் சுவர் மோதி அங்கேயே அடங்கிவிடுகிறது. திரும்பி அதே சன்னலைத் தேடி வெளியே வருவது மிகக் குறைவு. தன் மேல் விழும் கதிர் அனைத்தையும் இப்படி விழுங்கிவிடும் பொருளை இயற்பியலில் கரும்பொருள் என்பார்கள். நன்றாக விழுங்கும் பொருள், சூடேறினால் நன்றாக வெளிவிடவும் செய்யும். அதனால் எரியும் அடுப்பின் வாய், அந்த வெப்பநிலையில் எந்தப் பரப்பும் வெளிவிடக்கூடிய உச்ச அளவு கதிர்வீச்சை வெளியே அனுப்புகிறது. உட்சுவர் செங்கல்லா, களிமண் பூச்சா, சுண்ணாம்பா என்பது இதில் கணக்கே இல்லை. வாயின் பரப்பு, உள்ளே உள்ள வெப்பநிலை, சுவரின் கனம் ஆகிய மூன்றும்தான் கணக்கு.

வெப்பநிலையை நிறத்தை வைத்தே ஓரளவு சொல்லலாம். உட்சுவர் கோவைப்பழச் சிவப்பாகத் தெரிந்தால் ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸ். ஆரஞ்சு நிறமானால் 1000 டிகிரியை நெருங்குகிறது என்று கொள்ளலாம். இவர் அடுப்பை 800 டிகிரி என்று வைத்துக்கொள்வோம்.

கதிர்வீச்சைக் கணக்கிடும் விதியை 1879-இல் ஸ்டெஃபான் என்ற அறிஞர் கண்டறிந்தார். செல்சியஸ் அளவோடு 273 கூட்ட வேண்டும். 800 டிகிரி 1073 ஆகும். அதை 100-ஆல் வகுத்தால் 10.73. இந்த எண்ணை நான்கு தடவை எழுதிப் பெருக்கி, வரும் விடையை 5.67-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் வாயிலிருந்து எத்தனை வாட் போகிறது என்பது கிடைக்கும்.

10.73 × 10.73 × 10.73 × 10.73 = சுமார் 13,256
13,256 × 5.67 = சுமார் 75,000 வாட், அதாவது 75 கிலோவாட்

16 அங்குலம் என்பது 40 சென்டிமீட்டர். வாயின் பரப்பு 0.4 × 0.4 = 0.16 சதுர மீட்டர். 75-ஐ 0.16-ஆல் பெருக்கினால் 12 கிலோவாட். ஆனால் இது முழுவதும் வெளியே வந்துவிடாது. சுவர் 9 அங்குலக் கனம் உள்ளதால், சாய்வாக வரும் கதிர்களில் ஒரு பகுதி வாயின் பக்கச் சுவர்களில் பட்டு உள்ளேயே திரும்பிவிடும். இந்த அளவு வாய்க்கும் சுவருக்கும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெளியேறும். ஆக இழப்பு 8 கிலோவாட். வீட்டில் வைக்கும் இண்டக்‌ஷன் அடுப்பு நான்கு முழு வேகத்தில் எரியும்போது இழுக்கும் மின்சாரத்தின் அளவு இது.

இதைச் சக்கைக் கணக்கில் பார்க்கலாம். 8 கிலோவாட் ஒரு மணி நேரம் போனால் சுமார் 6,900 கிலோகலோரி. நன்கு காய்ந்த சக்கை ஒரு கிலோவில் சுமார் 3,500 கிலோகலோரி உண்டு. எனவே மணிக்கு 2 கிலோ. சக்கையின் வெப்பத்தில் பாதி புகைபோக்கி வழியே போகிறது என்று வைத்தால், இந்த இழப்பை ஈடுகட்ட மணிக்கு 4 கிலோ எரிக்க வேண்டும். நாளுக்கு 10 மணி நேரம் காய்ச்சினால் 40 கிலோ.

இப்போது வாயை 8 அங்குலத்துக்கு 8 அங்குலமாகச் சுருக்கினால் என்ன ஆகும்? பரப்பு கால் பங்காகிறது: 0.04 சதுர மீட்டர், அதாவது 3 கிலோவாட். வாய் சிறுத்து, சுவர் அதே கனத்தில் இருப்பதால் அதிலும் பாதிதான் வெளியே வரும். இழப்பு 1.5 கிலோவாட். நாளுக்கு 40 கிலோ போன இடத்தில் 7, 8 கிலோதான் போகும். மிச்சம் 32 கிலோ. நூறு நாள் ஆட்டினால் 3 டன்னுக்கு மேல் காய்ந்த சக்கை. அடுப்பு எரிப்பவர் மேல் அடிக்கும் அனலும் அதே அளவுக்குக் குறையும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடியில் இரும்புக் கம்பித் தட்டும், சாம்பல் குழியும் இல்லாத அடுப்பில் எரிவதற்கான காற்று இந்த வாய் வழியேதான் போகிறது. அங்கே வாயை மட்டும் சுருக்கினால் நெருப்பு மூச்சுத் திணறும். புகைபோக்கியில் கரும்புகை வரும். கொப்பரையில் கொதி தளரும். மிச்சம் பிடித்ததை விடக் கூடுதலாக இழக்க நேரும். எனவே முதலில் கம்பித் தட்டும் சாம்பல் குழியும் அமைத்துக் காற்றைக் கீழிருந்து விட வேண்டும். அதன் பிறகு வாயைச் சுருக்கலாம். சிறிய வாயில் சக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி தள்ள வேண்டியிருக்கும். சக்கைக்கு அது நல்லதுதான். மொத்தமாகத் தள்ளினால் நெருப்பு அமுங்கிப் புகையும்.

விறகு எரிப்பவர்களுக்கு வாயைச் சுருக்க முடியாது, கதவு வைக்கலாம். ஒரு மணி நேரத்தில் 20 நிமிடம் மட்டும் திறந்திருந்தால், திறப்பால் ஏற்படும் இழப்பும் மூன்றில் ஒரு பங்குதான். வெறும் இரும்புத் தகடு போதாது. தகடு தானே சூடேறிச் சிவந்து, வெளிப்பக்கம் கதிர்வீசத் தொடங்கும். ஏறக்குறைய பாதியைத்தான் தடுக்கும். உட்பக்கம் சூளைக் களிமண்ணோ செங்கல்லோ பதித்த கதவு வேண்டும்.

சக்கை எரிப்பதைக் குறைக்க உள்வெப்பத்தைக் கூட்டிவிடலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. 800 டிகிரி அடுப்பு 1000 டிகிரி ஆனால், திறந்த வாயின் இழப்பு ஏறக்குறைய இரு மடங்காகும். வெப்பம் ஏற ஏற வாய் சிறிதாக இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு தோராயமானதே. அடுப்பின் உட்பரப்போடு ஒப்பிட வாய் சிறியதாக இருந்தால்தான் அது கரும்பொருள் போல நடக்கும். முன்சுவரில் பாதியே திறந்திருந்தால் இந்த எண்கள் பொருந்தாது. பெரிய வாய் வழியே தேவைக்கு மேல் புகும் குளிர்ந்த காற்று கொண்டுபோகும் வெப்பம் வேறு கணக்கு. அது இந்த 40 கிலோவில் சேரவில்லை. இவர் அடுப்பில் கம்பித் தட்டு இருந்தால், இந்த ஆட்டத்திலேயே வாயில் செங்கல் அடுக்கிச் சுருக்கிப் பார்க்கலாம். ஒரு கொப்பரைக்கு எத்தனை கட்டுச் சக்கை போகிறது என்று முன்னும் பின்னும் எண்ணி வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.