கையொப்பம் இல்லாத நிபுணர்

வடசென்னை அனல் மின் நிலையத்திலிருந்து செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகும் குழாய்களில் கசிவு ஏற்பட்டு, சாம்பல் கலந்த நீர் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிவது நெட்டுக்குப்பத்து மீனவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம் அது. அதைச் சுற்றுச்சூழல் பிரச்சினையாகவே எல்லோரும் பேசுகிறோம். அது சரியும்கூட. ஆனால் அந்தக் குழாய்க்குள் ஒரு வேலைவாய்ப்புப் பிரச்சினையும் ஓடுகிறது. சாம்பலை நீரோடு கலந்து குழாயில் தள்ளும்போது கனமான துகள்கள் அடியில் உரசிக்கொண்டே போகும். அதனால் குழாயின் அடிப்பகுதிதான் முதலில் தேயும், மேல்பகுதி ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். ஓட்டை விழுவதற்கு முன்பே குழாயைச் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு திருப்பி வைத்தால் தேய்மானம் வேறு பக்கத்துக்கு மாறி, அதே குழாய் இன்னும் பல காலம் உழைக்கும். வித்தை இவ்வளவுதான். ஆனால் எப்போது திருப்புவது என்று தெரிய வேண்டுமானால் ஒரே புள்ளிகளில் ஆண்டுக்கணக்கில் மீயொலிக் கருவி வைத்துத் தடிமனை அளந்திருக்க வேண்டும். அந்த எண்களைப் படிக்கத் தெரிந்த ஒருவர் அதே இடத்தில் இருந்திருக்கவும் வேண்டும். நம் மின் நிறுவனங்களில் அப்படி ஒருவர் நீண்ட காலம் இருப்பதற்கு வழியே இல்லை என்பதுதான் இங்கே நாம் சொல்ல வருவது.

உதவிப் பொறியாளராகச் சேர்கிறவர் உதவிச் செயற்பொறியாளர், செயற்பொறியாளர், மேற்பார்வைப் பொறியாளர், தலைமைப் பொறியாளர் என்று ஏறுகிறார். ஒவ்வொரு படியிலும் அவர் கைக்கு வருவது ஒப்பந்தப்புள்ளி, ஆள் ஒதுக்கீடு, தணிக்கைக் கேள்விக்குப் பதில், ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு. இயந்திரம் ஒவ்வொரு படியிலும் அவரிடமிருந்து சற்று விலகிப்போகிறது. பதவி உயர்வோடு இடமாற்றமும் சேர்ந்து வருவது வழக்கம் என்பதால் பத்தாண்டு பழகிய கொதிகலனை விட்டு வேறு ஊருக்குப் போகிறார். தொழில்நுட்பத்திலேயே நிற்க விரும்புகிறவர் பதவி உயர்வை மறுத்துவிட்டு, தன்னைவிட இளையவருக்குக் கீழே, தேங்கிய சம்பளத்தில் இருக்க வேண்டியதுதான். பெயருக்கு இரண்டு வழி, நடைமுறையில் ஒன்றே. நிர்வாகப் பாதைக்கு இணையான சம்பளமும் மதிப்பும் கொண்ட நிபுணர் பாதை ஒன்றைத் தமிழ்நாடு மின் உற்பத்திக் கழகம் திறக்க வேண்டும், வடசென்னை நிலையத்திலேயே அதைத் தொடங்க வேண்டும் என்பது நம் நிலைப்பாடு. சம்பளம் மட்டும் போதாது என்பதும் அதன் பகுதி. அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில், நிபுணர் என்று யாரைச் சொல்கிறோம்? கொதிகலன் குழாய் வெடிப்பை எடுத்துக்கொள்வோம். அனல் நிலைய அலகுகள் எதிர்பாராமல் நிற்பதற்கு மிக வழக்கமான காரணங்களில் அதுவும் ஒன்று. அலகை நிறுத்தி, உலை ஆறும் வரை காத்திருந்து, உள்ளே ஆள் போய், உடைந்த துண்டை வெட்டி, புதுத் துண்டைப் பற்றவைத்து, அழுத்தச் சோதனை முடித்து மறுபடி ஏற்ற இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். வெட்டியெடுத்த துண்டைப் பழைய இரும்புக் குவியலில் போடுகிறவர் பழுது பார்ப்பவர். அதன் உதட்டைப் பார்க்கிறவர் நிபுணர். மீன் வாய் போலப் பிளந்து, ஓரம் கத்திமுனையாக மெலிந்திருந்தால் அந்தக் குழாய் குறுகிய நேரத்தில் அளவுமீறிச் சூடாகியிருக்கிறது. உள்ளே எங்கோ நீரோட்டம் தடைபட்டது என்று பொருள். பிளவின் ஓரம் தடித்தே இருந்தால் ஆண்டுக்கணக்கில் சற்றே கூடுதலான வெப்பத்தில் உலோகம் தளர்ந்திருக்கிறது. அப்படியானால் பக்கத்துக் குழாய்களும் அதே வயதில் அதே நிலையில்தான் நிற்கின்றன. வெளிப்புறம் மெருகேறி ஒரு பக்கம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால் அது நம் நிலக்கரியின் சாம்பல் செய்த வேலை. ஓரம் தடித்து, சன்னல் திறந்ததுபோல் ஒரு துண்டு அப்படியே பெயர்ந்து போயிருந்தால் கோளாறு உலையில் இல்லை, கொதிகலனுக்குப் போகும் நீரின் வேதியியலில் இருக்கிறது. நான்குக்கும் ஒரே ஒட்டு போடலாம், அலகும் ஓடும். ஆனால் தடைபட்ட நீரோட்டத்துக்கோ, கெட்ட நீருக்கோ ஒட்டு மருந்தாகாது. சில வாரத்தில் பக்கத்துக் குழாய் வெடிக்கும்.

இந்தக் கண் பட்டப்படிப்பில் வருவதில்லை. நூறு துண்டுகளைப் பார்த்து, ஆய்வகத்தில் அறுத்துச் சோதித்து, தன் கணிப்பு சரியா தவறா என்று தெரிந்துகொண்டவருக்குத்தான் வரும். அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். அந்த ஆண்டுகள் முடியும் வேளையில்தான் நம் அமைப்பு அவருக்குப் பதவி உயர்வு கொடுத்து ஒப்பந்தப்புள்ளிக் கோப்பின் முன் உட்காரவைக்கிறது.

வேறு வழி உண்டா என்று கேட்பவர்கள் கல்பாக்கம் வரை போய்ப் பார்க்கலாம். அணுசக்தித் துறையில் மேலே ஒரு நாற்காலி காலியாகிறதா என்று பார்க்காமல், செய்த வேலையை மதிப்பிட்டு அறிவியலாளரை உயர்த்தும் முறை பல காலமாக இருக்கிறது. 1983-ல் மத்திய அரசின் பிற அறிவியல் துறைகளுக்கும் அதே கருத்தில் ஒரு திட்டம் வந்தது. அதன்படி அறிவியலாளர் ‘சி’ நிலையில் உள்ளவர் நான்காண்டுப் பணிக்குப் பிறகு மதிப்பீட்டுக்குத் தகுதி பெறுகிறார். தேறினால் அதே மேசையில், அதே ஆய்வில் இருந்தபடியே ‘டி’ ஆகிறார். அவருக்குக் கீழே பத்துப் பேர் வேலை செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தனியார் துறையில் ஐபிஎம் 1960-களிலேயே இதைச் செய்தது. சென்னை ஐஐடியில் படித்த சி. மோகன், தரவுத்தளம் பாதியில் நின்றுபோனால் அதைப் பிழையின்றி மீட்கும் முறையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். 1997-ல் அந்நிறுவனத்தின் மிக உயர்ந்த தொழில்நுட்பப் பட்டமான ‘ஃபெலோ’ அவருக்குக் கிடைத்தது. அவர் நிபுணராகவே உச்சிக்குப் போனவர்.

ஆனால் கல்பாக்கத்தை அப்படியே நகலெடுத்தால் போதாது. ஆய்வுக்கூடத்தில் நிபுணரின் வேலை கண்டுபிடிப்பது. ஓடும் ஆலையில் அவருடைய மிக முக்கியமான வேலை ‘நிறுத்துங்கள்’ என்று சொல்வது. அந்தச் சொல்லுக்கு எடை இல்லாவிட்டால் எவ்வளவு சம்பளம் கொடுத்தும் பயனில்லை. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்ணோடம் கிளம்புவதற்கு முந்தைய இரவு, கடுங்குளிரில் ரப்பர் வளையங்கள் இறுக்கமாக அடைக்காது என்று அவற்றை அறிந்த பொறியாளர்கள் வாதாடினார்கள். அவர்களுடைய துறைத் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியை மாட்டச் சொன்னார் மேலதிகாரி. மறுநாள் ஏழு பேர் இறந்தார்கள். 2003-ல் கொலம்பியாவும் சிதறிய பிறகே, கால அட்டவணைக்கும் செலவுக்கும் பொறுப்பானவர்களுக்குக் கட்டுப்படாத தனித் தொழில்நுட்ப அதிகாரம் ஒன்றை நாசா ஏற்படுத்தியது. மின்தேவை உச்சத்தில் இருக்கும் மே மாதத்தில், குழாய் மெலிந்துவிட்டது, அலகை இறக்குங்கள் என்று சொல்கிறவரின் ஆண்டு மதிப்பீட்டை எழுதுகிறவர் அந்த அலகின் உற்பத்தி இலக்குக்குப் பொறுப்பானவராக இருந்தால், அந்தச் சொல் எத்தனை முறை வாயிலிருந்து வரும்?

எதிர்ப்புகளில் வலுவானது தொழிற்சங்கங்களிடமிருந்து வரும். பணிமூப்பு முறைக்கு ஆயிரம் குறை இருக்கலாம், ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிற விதி. ‘தகுதி’ என்று ஆரம்பித்தால் அந்தத் தகுதியை அளக்கிறவரின் கை நீளும். மேலிடத்தில் ஆள் இல்லாத முதல் தலைமுறைப் பொறியாளர்தான் அடிபடுவார். இந்த அச்சத்தை நாம் அற்பமாக நினைக்கவில்லை, அதற்கு வரலாறு இருக்கிறது. அதனால்தான் பணிமூப்பு ஏணியில் கைவைக்கச் சொல்லவில்லை, பக்கத்தில் இன்னொன்றை வைக்கச் சொல்கிறோம். அதற்குத் தேர்வு செய்கிறவர்கள் பெரும்பான்மை வெளியாட்களாக, கல்பாக்கத்திலிருந்தும் அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்தும் வரட்டும். விண்ணப்பிப்பவர் தான் கண்டறிந்த பழுதுகளின் பதிவைக் கொண்டுவரட்டும். என்ன காரணம் என்று சொன்னார், அதன்பின் அந்தப் பழுது திரும்பியதா என்பது ஏட்டில் இருக்கும். எதிர்த் திசையிலும் ஓர் ஆபத்து உண்டு. மதிப்பீடு சடங்காகி, காலம் முடிந்தவருக்கெல்லாம் உயர்வு என்று போய்விட்டதாக மத்திய அரசின் திட்டத்தின் மேலேயே விமர்சனம் எழுந்தது. 2010-ல் அதன் மதிப்பீட்டு விதிகள் மாற்றியமைக்கப்பட்டன. எனவே இடங்கள் குறைவாகவே இருக்க வேண்டும். நிலையம் ஒன்றுக்கு ஐந்தாறு பேர் என்றால் தாராளம்.

கடனில் மூழ்கிய நிறுவனத்துக்குப் புதிய பதவிகளா என்பது அடுத்த கேள்வி. 210 மெகாவாட் அலகு ஒன்று ஒரு நாள் முழுதும் நின்றால் அது தராமல் போகும் மின்சாரம் ஏறக்குறைய 50 லட்சம் யூனிட். யூனிட் 5 ரூபாய் என்று கணக்கிட்டாலும் இரண்டரைக் கோடி. எரிக்காத நிலக்கரியைக் கழித்துவிட்டு, உச்ச நேரத்தில் வெளியே வாங்கும் மின்சாரத்தின் விலையைக் கூட்டிப் பாருங்கள். திரும்பி வரும் வெடிப்பு ஒன்றை ஆண்டுக்கு ஒருமுறை தடுத்தாலே அந்த ஐந்தாறு பேரின் சம்பளம் வந்துவிடும். தேவைப்பட்டால் திருச்சி பெல் நிறுவனத்திலிருந்து ஆளை அழைக்கலாமே என்பார்கள். அழைக்கத்தான் வேண்டும். ஆனால் கொதிகலன் எப்படிக் கட்டப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியும். அதில் எந்த ஆண்டு எந்த நிலக்கரி எரிந்தது, எந்த மாதம் கடல்நீர் கசிந்து கொதிகலன் நீரில் கலந்தது என்பது இங்கேயே இருப்பவருக்குத்தான் தெரியும்.

நல்ல பொறியாளர்களெல்லாம் நிபுணராகிவிட்டால் நிர்வாகம் யாரிடம் போகும் என்ற கவலையும் நியாயமானது. ஒப்பந்தப்புள்ளியை ஒழுங்காக எழுதத் தெரிந்தவரும் அரிதானவரே, அவர் இல்லாமல் ஒரு குழாய்கூட வந்து சேராது. ஆகவே கதவு இரு பக்கமும் திறக்க வேண்டும். நிர்வாகத்துக்குப் போனவர் இரண்டு மூன்று ஆண்டில் திரும்பி வர முடிய வேண்டும், அது தோல்வியாக எழுதப்படக் கூடாது. எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களுக்குப் போகும் இளைஞர்களுக்கும் இதே கேள்விதான் முப்பது வயதுக்கு மேல் வருகிறது. அங்கே ‘பிரின்சிபல் என்ஜினியர்’ என்ற பெயர்ப்பலகை தாராளமாகக் கிடைக்கும். அதை நம்பி முடிவெடுப்பதற்கு முன், அந்தப் பட்டம் உள்ளவர்கள் எத்தனை பேர், அதே சம்பளத்தில் இருக்கும் மேலாளர்கள் எத்தனை பேர் என்று விசாரிப்பது நல்லது. கடந்த ஓராண்டில் அவர்களில் ஒருவர் ‘இது வேண்டாம்’ என்று சொல்லி ஒரு வேலை நின்றதுண்டா என்றும் கேட்க வேண்டும். இல்லை என்று பதில் வந்தால் அங்கே நிர்வாகப் பாதையைத் தேர்வதே புத்திசாலித்தனம்.

வடசென்னையில் தொடங்க மூன்று துறைகள் போதும்: கொதிகலன் குழாய்கள், நீர் வேதியியல், சாம்பல் குழாய்கள். இம்மூன்றிலும் தலா ஒரு நிபுணர், மேற்பார்வைப் பொறியாளருக்கு இணையான சம்பளத்தில், நிலையத் தலைமைக்கு அல்லாமல் கழகத்தின் தலைமையகத்துக்கு நேரடியாகப் பதில் சொல்பவராக இருக்கட்டும். பழுதுக்குப் பின் அலகை மறுபடி ஏற்றும் படிவத்திலும், சாம்பல் குழாயை ஓடவிடும் அனுமதியிலும் அவருடைய கையொப்பம் வேண்டும். அவர் மறுத்தும் ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால் தலைமைப் பொறியாளர் ஓட்டலாம், அந்த அதிகாரம் அவருக்கு இருக்கட்டும். ஆனால் காரணத்தைத் தன் கைப்பட எழுதி, நாளும் நேரமும் குறித்து, மறுப்புக் குறிப்போடு சேர்த்துக் கோப்பில் வைத்துவிட்டு ஓட்டட்டும். கழிமுகத்தில் அடுத்த முறை சாம்பல் படியும்போது தீர்ப்பாயம் கேட்க வேண்டிய முதல் ஆவணம் அது.