கூலி உயர்ந்தால் வேலை போகும் என்பவர்களுக்கு

குறைந்தபட்சக் கூலியை உயர்த்தச் சொல்லி எந்த மூலையில் யார் குரல் கொடுத்தாலும் உடனே ஒரு பதில் வருகிறது: "கூலியை ஏற்றினால் முதலாளி ஆளைக் குறைப்பான், கடைசியில் பாதிக்கப்படுவது ஏழைதான்." கூலி கொடுப்பவர்களுக்குக் கூலி வாங்குபவர்கள்மீது திடீரென இத்தனை கரிசனம் பிறப்பது இந்த ஒரு விசயத்தில் மட்டும்தான். கரிசனத்தை விடுவோம். வாதம் உண்மையா என்று பார்ப்போம்.

பொருளியல் பாடநூல்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்த கதை எளிமையானது. கத்தரிக்காய் விலை ஏறினால் வாங்குவது குறையும். உழைப்பும் ஒரு சரக்கு, அதன் விலை ஏறினாலும் அப்படியே. 1946இல் ஜார்ஜ் ஸ்டிக்ளர் இதை அழுத்தமாக எழுதினார். பின்னால் வந்தவர்களில் பெரும்பாலானோர் இதை விதியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

1992 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. ஏறத்தாழ 19 விழுக்காடு உயர்வு. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் 4.25 அப்படியே இருந்தது. டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டார்கள். நியூ ஜெர்சியிலும் அதையொட்டிய கிழக்குப் பென்சில்வேனியாவிலும் பர்கர் கிங், கேஎஃப்சி போன்ற 410 துரித உணவுக் கடைகளில் உயர்வுக்கு முன்பு ஒருமுறையும் ஏழெட்டு மாதம் கழித்து ஒருமுறையும் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டார்கள்.

நியூ ஜெர்சியை மட்டும் ஏன் பார்க்கவில்லை? அப்போது நாட்டிலேயே பொருளாதாரம் மந்தமாக இருந்தது. ஒரு கடையில் ஆள் குறைந்தால் அது கூலி உயர்வாலா, மந்தத்தாலா என்று பிரிக்க முடியாது. மந்தம் இரு மாநிலங்களுக்கும் பொது, கூலி உயர்வு ஒன்றுக்கு மட்டும். எனவே இரண்டிலும் நடந்த மாற்றங்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் கூலி உயர்வின் விளைவு.

கிடைத்த கணக்கு இது. பகுதிநேர வேலைகளை முழுநேரமாக மாற்றிக் கணக்கிட்டால் பென்சில்வேனியாவில் கடை ஒன்றுக்குச் சராசரியாக 23.3 பேர் இருந்தது 21.2 ஆகக் குறைந்தது. கூலி ஏறிய நியூ ஜெர்சியிலோ 20.4 பேர் 21.0 ஆனது. வேலை போகவில்லை. நியூ ஜெர்சிக்குள்ளேயே ஏற்கனவே 5 டாலரும் அதற்கு மேலும் கொடுத்துவந்த கடைகளைத் தனியாக வைத்துப் பார்த்தார்கள். சட்டம் தொடாத அந்தக் கடைகளைவிட, கூலியை உயர்த்த வேண்டியிருந்த கடைகளில் வேலை எண்ணிக்கை மோசமாகிவிடவில்லை.

1994இல் இது வெளியானதும் ஆய்வாளர்கள்மீது வசை பொழிந்தது. நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் புக்கனன், நீர் மேட்டை நோக்கி ஓடும் என்று இயற்பியலாளர் யாராவது சொல்வாரா என்று நாளிதழில் ஏளனம் செய்தார். எண்களுக்கு எண்களால் பதில் சொன்னவர்கள் டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும். தொலைபேசியில் கேட்ட விவரம் நம்பத்தக்கதல்ல என்று சொல்லி, கடைகளின் சம்பளப் பதிவேடுகளைத் திரட்டி, நியூ ஜெர்சியில் வேலை குறைந்தது என்றார்கள். அந்தப் பதிவேடுகளில் ஒரு பகுதியைத் திரட்டித் தந்தது உணவகத் தொழிலின் பணத்தில் இயங்கிய ஓர் அமைப்பு. கார்டும் க்ரூகரும் அரசின் வேலைவாய்ப்புப் பதிவுகளை எடுத்து 2000இல் மறுபடி கணக்கிட்டார்கள். பெரிய அளவில் வேலை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இவ்வகை ஆய்வுகளுக்காக 2021இல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. க்ரூகர் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

கூலி ஏறியும் வேலை எப்படிக் குறையாமல் இருக்கும்? கத்தரிக்காய்க் கதையில் மறைந்திருப்பது அதிகாரம். சந்தையில் வாங்குபவர் நூறு பேர் என்றால் விலையை எவரும் தனியாகத் தீர்மானிக்க முடியாது. ஆனால் ஓர் ஊரில் வேலை கொடுப்பவர் ஒருவரோ, தமக்குள் பேசிவைத்துக்கொண்ட சிலரோ மட்டும் என்றால் கூலியைத் தீர்மானிப்பது அவர்கள்தான். ஜோன் ராபின்சன் 1933லேயே இதை விளக்கிவிட்டார்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒருவரிடம் 10 பேர் நாள் கூலி 400 ரூபாய்க்கு வேலை செய்கிறார்கள். பதினோராவது ஆள் 420 கொடுத்தால்தான் வருவார். அவருக்கு 420 கொடுத்தால் மற்றப் பத்துப் பேரும் 420 கேட்பார்கள். ஆக, ஓர் ஆளைக் கூட்ட ஆகும் செலவு 420 அல்ல, 420 உடன் பத்து இருபது சேர்த்து 620. அந்த ஆளால் கிடைக்கும் வரவு 550 என்றால் முதலாளி சேர்க்கமாட்டார். இப்போது அரசு குறைந்தபட்சக் கூலி 420 என்கிறது. பத்துப் பேருக்கும் எப்படியும் 420 கொடுத்தாக வேண்டும். பதினோராவது ஆளின் கூடுதல் செலவு வெறும் 420, வரவு 550. சேர்த்துக்கொள்வார். கூலியும் ஏறியது, வேலையும் கூடியது. குறைந்தது முதலாளியின் லாபம் மட்டுமே. "ஏழைக்கு வேலை போகும்" என்ற கூக்குரலின் பொருள் இப்போது விளங்குகிறதா?

இதே கணக்கில் சட்டம் 600 என்று வைத்தால், 550 வரவு தரும் ஆளுக்கு வேலை இல்லை. இது கற்பனையல்ல. 1938இல் அமெரிக்கா நாடு முழுவதற்கும் மணிக்கு 25 சென்ட் என்று வைத்தபோது, அதைவிட மிகக் குறைந்த கூலி நிலவிய பியூர்ட்டோ ரிக்கோ தீவில் தையல் வேலைகள் அடிபட்டன. 1940இல் தீவுக்குத் தனிக் கூலி வைக்க வழிசெய்தார்கள். எனவே பொருளியலாளர்களின் இன்றைய சண்டை "உயர்த்தலாமா, கூடாதா" என்பதல்ல. அந்த ஊரின் நடப்புக் கூலியோடு ஒப்பிட எவ்வளவு தூரம் உயர்த்தலாம், அங்கே முதலாளியின் பிடி எவ்வளவு இறுக்கம் என்பதுதான். இதை அளந்துதான் சொல்ல முடியும், பாடநூலைக் காட்டிச் சொல்ல முடியாது.

அந்த 1938 சட்டத்தில் இன்னொரு கதையும் உண்டு. விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்பவர்களும் அதில் சேர்க்கப்படவில்லை. தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் செய்த வேலைகள் பெரும்பாலும் அவைதான். 1963இல் வாஷிங்டன் பேரணியின் கோரிக்கைகளில் 2 டாலர் குறைந்தபட்சக் கூலியும், விடுபட்ட தொழில்களைச் சட்டத்துக்குள் கொண்டுவருவதும் இருந்தன. 1966 திருத்தம் பண்ணைகள், உணவகங்கள், சலவைக் கூடங்கள், முதியோர் இல்லங்களுக்குச் சட்டத்தை விரித்தது. எல்லோரா டெரனான்கோர், கிளேர் மோந்தியாலு ஆகியோரின் 2021 ஆய்வின்படி, அடுத்த ஆண்டுகளில் கறுப்பர் வெள்ளையர் வருமான இடைவெளி குறைந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இந்த ஒரு திருத்தத்தால் வந்தது. அதற்காகக் கறுப்பினத் தொழிலாளர்கள் பெரிய அளவில் வேலை இழக்கவில்லை.

நமக்கு இந்தப் பாடத்தைச் சொல்ல அமெரிக்கா தேவையில்லை. கீழத்தஞ்சையில் மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்து ஒன்றுகூடி நின்றார்கள். கூலியாகக் கூடுதல் நெல் கேட்டவர்களை வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து மிரட்டினார்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலியைச் சந்தைதான் தீர்மானிக்கிறது என்றால் மிராசுதார்களுக்குச் சங்கம் எதற்கு, அடியாள் எதற்கு, நெருப்பு எதற்கு?

அடுத்த முறை எவராவது "வேலை போய்விடும்" என்று இரக்கப்பட்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இப்போது அங்கே கூலி எவ்வளவு? அங்கே கூலி கொடுப்பவர்கள் எத்தனை பேர்? எந்தத் தொழில்கள் சட்டத்துக்கு வெளியே விடப்பட்டிருக்கின்றன, அவற்றில் யார் வேலை செய்கிறார்கள்? பதில் தெரியாதவருக்கு வேலை போகும் என்று சொல்லவும் தகுதியில்லை.