தடுக்க வேண்டியது தம்பியையா, ஹோஸ் பைப்பையா?

எங்கள் தொடர்மாடியின் வட்ஸ்அப் குழுமத்தில் போன வாரம் ஒரே சண்டை. தண்ணீர் பில் கூடிவிட்டதாம், பேஸ்மன்ட் எந்நேரமும் ஈரமாம், டொக்டரின் கறுப்புக் காரில் கோடு கோடாகக் கீறலாம். ஆகவே காலையில் வந்து வாகனம் கழுவும் தம்பியை இனிமேல் உள்ளே விடக்கூடாது என்று நிர்வாகக் குழு முடிவெடுக்கப் பார்த்தது. மூன்று குறையும் உண்மைதான். ஆனால் மூன்றுக்கும் காரணம் அவன் மட்டுமல்ல, நாங்களும்தான் என்பது எங்கள் கருத்து.

முதலில் தண்ணீர். ஞாயிறு காலை நாங்கள் சிலர் கீழே இறங்கி, அவன் பாவிக்கும் ஹோஸ் பைப்பை 10 லீற்றர் வாளிக்குள் விட்டு நேரம் பார்த்தோம். 50 செக்கனில் வாளி நிரம்பியது. அப்படியென்றால் நிமிடத்துக்கு 12 லீற்றர். ஒரு காருக்குப் பத்து நிமிடம் பைப் திறந்திருந்தால் 120 லீற்றர். வாரம் மூன்று நாள் வீதம் மாதம் 12 தடவை, 12 கார்கள் என்று பெருக்கினால் 17,000 லீற்றருக்கு மேல் போகிறது. பில்லில் ஒரு யுனிட் என்பது 1,000 லீற்றர். யுனிட் கூடக் கூட அடுத்த யுனிட்டின் விலையும் ஏறும். மேல் தாங்கிக்கு ஏற்றும் மோட்டரின் கரண்ட் வேறு. வுழூவுக்கு ஒரு முத்து தண்ணீர் போதும் என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டு வீட்டுக்கு வருகிற எங்களுக்கு, இந்தக் கணக்கைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

ஆனால் பைப் இல்லாமலே கழுவலாம். பூக்கன்றுக்கு மருந்தடிக்கும் 5 லீற்றர் கை பம்பு ஒன்றால் முதலில் தூசியை நனைத்து ஊறவிட வேண்டும். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். துடைத்த துணியை ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு வாளிக்குள் போட வேண்டும். முடிந்ததும் அலசிய வாளியின் அடியைப் பாருங்கள், மணல் தங்கியிருக்கும். ஒரே வாளியாக இருந்தால் அந்த மணல்தான் கதவில் தேய்ந்திருக்கும். மொத்தம் 25 லீற்றர் போதும். மற்ற இரண்டு நாளும் முழுக் கழுவல் தேவையில்லை. அரை வாளித் தண்ணீரில் நன்றாக நனைத்த துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்தால் சரி. இப்படிச் செய்தால் ஒரு காருக்கு மாதம் 140 லீற்றர். 12 காருக்கும் சேர்த்து இரண்டு யுனிட்கூட வராது. பேஸ்மன்டும் குளமாகாது. சேறு அப்பிய வாகனத்துக்கு மட்டும் இந்த முறை சரிவராது, அதை சேர்விஸ் ஸ்டேஷனுக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

டொக்டரின் கீறலுக்கு வருவோம். தம்பியிடம் இருந்தது ஒரு பழைய சாரத் துண்டு. அதே துண்டால் ரிம், அதே துண்டால் போனட். போதாததற்கு, "சும்மா ஒரு தட்டுத் தட்டிவிடு" என்று காய்ந்த தூசியின் மேல் துடைக்கச் சொன்னவர்களும் நாங்களே. கடற்கரைப் பக்கத்துத் தூசியில் மணலும் உப்பும் கலந்திருக்கும், காய்ந்த துணியால் இழுத்தால் அது அரத்தாள் போலத்தான். சந்தேகமென்றால் போன் டோர்ச்சைக் கதவில் அடித்துப் பாருங்கள், வட்டம் வட்டமாகத் தெரியும். ஒரு காருக்கு மைக்ரோஃபைபர் துணி மூன்று வேண்டும்: கழுவ ஒன்று, ஈரமெடுக்க ஒன்று, டயருக்கும் ரிம்முக்கும் வேறு நிறத்தில் ஒன்று. சலவைத்தூள் கூடவே கூடாது, அது வேக்ஸ் பூச்சை எடுத்துவிடும்.

மோட்டார் சைக்கிளுக்கு ஒரு வாளியே போதும். சூடான எஞ்சினில் தண்ணீர் ஊற்றாமல், சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விட்டால் சரி. மினுக்கும் ஸ்ப்ரே மட்டும் பிரேக் டிஸ்க்கில் படக்கூடாது, பிரேக் பிடிக்காமல் போகும்.

இனிக் காசு. தம்பி கேட்டது காருக்கு மாதம் 3,500 ரூபா. "2,000 தருகிறோம், 12 கார் இருக்கிறதே" என்று பேரம் பேசினோம். முழுக் கழுவல் 35 நிமிடம், துடைப்பு 12 நிமிடம் என்றால் ஒரு காருக்கு மாதம் கிட்டத்தட்ட நான்கு மணித்தியாலம். 2,000 ரூபாவில் மணித்தியாலத்துக்கு 500 வரும். துணியும் ஷாம்பும் அவன் கையிலிருந்து. அந்தக் காசுக்குப் பழைய சாரத் துண்டும் பைப்பும்தான் வரும், ஏனென்றால் பைப் அடித்தால் பத்து நிமிடத்தில் அடுத்த காருக்குப் போகலாம். இதில் ஏப்ரல் விடுமுறைக்கு ஊருக்குப் போன சிலர் அந்த இரண்டு வாரக் காசையும் கழித்துக்கொண்டார்கள்! வீட்டில் இல்லாத மாதத்துக்கு வாடகையைக் கழிக்க முடியுமா?

கடைசியில் குழு இணங்கியது இதற்கு: காருக்கு 3,500, சைக்கிளுக்கு 1,200, மாதம் பிறந்து ஐந்தாம் திகதிக்குள். வாளி, பம்பு, முதல் தொகுதித் துணிகள் தொடர்மாடிச் செலவில். ஹோஸ் பைப் பூட்டிய அறையில். அவன் சுகமில்லாமல் வராத நாளுக்கு அதே வாரத்தில் வேறு நாள் கழுவித் தருவான். நாங்கள் இல்லாத நாளுக்குக் கழிவு கிடையாது. நோட்டிஸ் போர்டில் எழுதி ஒட்டியாயிற்று. டொக்டர் இன்னும் கையொப்பம் வைக்கவில்லை, கறுப்புக் காரைப் பொலிஷ் பண்ணும் செலவை யார் தருவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.