விசைத்தறிக் கூடத்துக்கு எந்த மொழியில் விண்ணப்பிப்பது?

நீண்ட பதிவு; பொறுமை உள்ளவர்கள் படிக்கவும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கட்டாயம் படிக்கவும்.

விஜயபுரத்தில் இருக்கும் என் சித்தி மகள் பி.காம். முடித்தவள். நகரி அருகே ஒரு விசைத்தறி நிறுவனத்தில் கணக்கு எழுத ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, வாட்ஸ்அப்பில் ஒரு விண்ணப்பம் அனுப்பினாள். பத்து நாளாகியும் பதில் வரவில்லை. பிறகு அந்த முதலாளி என் சித்தப்பாவைச் சந்தையில் பார்த்தபோது, “உங்க பொண்ணு என்னவோ அனுப்பிச்சிருக்குதே, என்ன வேலை கேக்குது?” என்று விசாரித்திருக்கிறார்.

அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தேன். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கி, ‘வித் ரெஃபரன்ஸ் டு தி சப்ஜெக்ட் சைட்டட் அபவ்’ என்று நகர்ந்து, தங்கள் மேன்மைமிகு நிறுவனத்தின் வளர்ச்சிக்குத் தன் ஆற்றல்களை அர்ப்பணிக்க விழைவதாக மூன்று வாக்கியம் ஓடி, ‘கைண்ட் பெரூசல்’ கோரி, ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’ என்று முடிந்தது. கணக்கு வேலை என்ற செய்தி ஏழாவது வாக்கியத்தில் ஒளிந்திருந்தது. அவளுக்கு டாலி தெரியும், ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் எட்டு மாதம் வேலை செய்திருக்கிறாள். அந்த இரண்டும் கடிதத்தில் எங்குமே இல்லை. கல்லூரியில் வேலைவாய்ப்புப் பயிற்சி அளித்தவர் தந்த மாதிரிப் படிவத்தில் அவற்றுக்கு இடமில்லையாம்.

முதலில் அந்தப் பயிற்சியாளர்களோடுதான் என் சண்டை. சிறு நிறுவனத்தில் ஆள் எடுப்பவர் யார் என்று அவர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? மனிதவளத் துறை என்று ஒன்று அங்கே கிடையாது. முதலாளியோ அவருடைய மருமகனோ, தறிச் சத்தத்துக்கு நடுவே, நூல் வண்டி இறங்கும் நேரத்தில், கைப்பேசித் திரையில் அதைப் பார்க்கிறார். திறக்காத நிலையில் திரையில் தெரிவது முதல் ஒன்றிரண்டு வரிகள்தாம். அந்த இடத்தை வணக்கமும் வளைவும் பிடித்துக்கொண்டால், செய்தி அவரை எட்டுவதே இல்லை.

மரியாதைக்காக எழுதுகிறோம் என்பார்கள். இது மரியாதை அன்று. கலெக்டர் கச்சேரி வாசலில் மனு எழுதியவர்களின் நடை. அந்த நடைக்குத் தாயகமான இங்கிலாந்திலேயே, அரசு ஊழியர்கள் எளிமையாக எழுத வேண்டும் என்பதற்காக எர்னஸ்ட் கோவர்ஸ் என்ற அதிகாரியைக் கொண்டு நிதித்துறை ஒரு கையேடு எழுதச் செய்து, அது 1948இல் வெளிவந்துவிட்டது. நம் கல்லூரிகளுக்கு இன்னும் செய்தி வந்து சேரவில்லை போலும்.

இனி என் சொந்தப் பாசறையோடு. இதை நண்பர்கள் குழுவில் சொன்னதும், “தமிழர் பகுதி, தமிழ் முதலாளி, தமிழிலேயே எழுத வேண்டியதுதானே?” என்று கேட்டார்கள். ஒருகாலத்தில் நானும் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எல்லைச் சீரமைப்பு 1960 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. சத்தியவேடு வட்டாரம் ஆந்திரத்துக்கு வந்தது. நகரியும் விஜயபுரமும் ஆந்திரத்திலேயே நின்றன. வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் இங்கே ஏராளம். ஆயினும் பேசும் மொழி வேறு, படிக்கும் எழுத்து வேறு. 1966 முதல் மாநிலத்தின் ஆட்சிமொழி தெலுங்கு. பட்டா, ரேஷன், பஞ்சாயத்து அறிவிப்பு எல்லாம் அந்த எழுத்தில்தான். தெலுங்கு வழியிலோ ஆங்கில வழியிலோ படித்த நாற்பது வயது முதலாளி நம்மோடு தமிழில் மணிக்கணக்காகப் பேசுவார். தமிழ் எழுத்தை நீட்டினால் கூட்டிக் கூட்டிப் படிப்பார், அல்லது தன் தாயிடம் கொடுப்பார். அவருக்குத் தமிழ்க் கடிதம் அனுப்புவது அவருக்கு வராத ஒன்றைச் சுட்டிக்காட்டுவதாக முடியும். வேலை கேட்டுப் போகும் பெண் முதல் வரியிலேயே அதைச் செய்ய வேண்டுமா?

அரசியலமைப்பின் 350ஆம் பிரிவை ஒரு நண்பர் எடுத்துக்காட்டினார். மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர்க்க மனுக் கொடுக்கும் உரிமை அதில் உண்மையாகவே உண்டு. ஆனால் அது அரசு அதிகாரியிடம் கொடுக்கும் மனுவுக்கு உரியது. தறி முதலாளியை அது கட்டுப்படுத்தாது. அந்த உரிமையைத் தாசில்தார் அலுவலகத்தில் கேட்போம், நானும் வருகிறேன். இங்கே தமிழ்வழிப் பள்ளிகள் தேய்ந்துவரும் துயரத்துக்கான போராட்டத்தையும் அங்கேதான் நடத்த வேண்டும். அதன் சுமையை இருபத்தொரு வயதுப் பெண்ணின் வேலை விண்ணப்பத்தின்மீது ஏற்றுவது எனக்கு ஒப்பவில்லை.

ஆகவே எளிய ஆங்கிலம். முதலாளி படிக்கத் தடுமாறினால் அவருடைய மகன் படிப்பான். அப்படியே ஆடிட்டருக்கும் தள்ளிவிடலாம். அன்றிரவு நாங்கள் இருவரும் உட்கார்ந்து மாற்றி எழுதினோம். முதல் வரி: ‘ஐ ஆம் அப்ளையிங் ஃபார் தி அக்கவுன்ட்ஸ் ஜாப்.’ அடுத்து பெயர், ஊர், பி.காம்., எட்டு மாத அனுபவம். எந்த நாளிலிருந்து வர முடியும், பேருந்தில் வர எவ்வளவு நேரமாகும் என்று ஒரு வரி. ஊர் விவரத்தை அவள் வேண்டாம் என்றாள், நான் விடவில்லை. தொலைவிலிருந்து வருபவர் மூன்று மாதத்தில் நின்றுவிடுவார் என்பது சிறு முதலாளிகளின் பெரிய அச்சம்.

அதிக நேரம் எடுத்தது நடுவில் ஒரு வரிதான். “அங்கே என்ன கணக்கு வரும் என்று நினைக்கிறாய்?” என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னாள்: “திருத்தணிக்குச் சரக்குப் போனாலே வெளிமாநிலம் அண்ணா. வாங்குறவங்க ஜிஎஸ்டி எண் 33ல தொடங்கும், நம்மது 37. பில்லுல ஐஜிஎஸ்டி போடணும். ஐம்பதாயிரத்துக்கு மேல போனா இ-வே பில் எடுக்கணும்.” அரைமணிப் பயணத் தொலைவிலுள்ள ஊருக்கு விற்றாலும் வரி மாறும் என்பது இந்த எல்லைப்புறத் தொழிலின் அன்றாடத் தலைவலி. அதை அறிந்தவள், ‘ஆற்றல்களை அர்ப்பணிக்கிறேன்’ என்று எழுதியிருந்தாள்! ‘ஐ கேன் மேக் ஐஜிஎஸ்டி பில்ஸ் அண்ட் இ-வே பில்ஸ் ஃபார் தமிழ்நாடு பார்ட்டீஸ்’ என்று அப்படியே எழுதச் சொன்னேன். இலக்கணம் பார்த்தோம், அலங்காரம் பார்க்கவில்லை. மொத்தம் ஆறு வாக்கியம். தொடக்கத்தில் ‘டியர் சார்’, இறுதியில் ‘தேங்க் யூ’. மரியாதைக்கு அது போதும்.

தமிழுக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. அனுப்புவதற்கு முன் அவள் தொலைபேசியில் தமிழில் பேசினாள்: “வணக்கம் சார், விஜயபுரத்துல இருந்து பேசுறேன். கணக்கு வேலைக்கு விவரம் அனுப்பலாமா?” அந்த அரை நிமிடத்தில் நம் ஊர்ப் பெண் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. எல்லைக்கு அப்பால், பெயர்ப்பலகையும் பில் புத்தகமும் தமிழில் இருக்கும் திருத்தணிக் கடைக்கு விண்ணப்பிக்கும் நாளில் அவள் தாராளமாகத் தமிழில் எழுதட்டும். எந்த எழுத்தில் எழுதுவது என்று தெரியவில்லையா? அந்த நிறுவனத்தின் பில் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஸ்ரீசிட்டியிலுள்ள பெரிய ஆலைகளின் கதை வேறு; அங்கே ஆள் எடுப்பதற்கென்றே ஒரு துறை இருக்கும், முறையான கடிதம் அவர்களுக்குப் பழக்கம். நான் பேசுவது பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் இடங்களைப் பற்றி.

மறுநாள் மதியம் பதில் வந்தது. தமிழ்தான், ஆனால் ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார்: திங்கட்கிழமை வாம்மா, சர்ட்டிபிகேட் எடுத்துட்டு வா. எந்த எழுத்தில் பதில் எழுதட்டும் என்று கேட்டாள். அவர் எழுதியபடியே எழுது என்றேன்.