வலிக்காத வெள்ளைத் திட்டும் ஒரு நாள் பேரும்

வெற்றிலையை விடுங்கள் என்று தோட்டத்துக்கு வருகிற எல்லோரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். காலைப் பனியில் மலையேறுகிறவருக்கும், பகல் சாப்பாடு வரைக்கும் பசியைத் தள்ளிப்போடுகிறவருக்கும் ஒரு வாய் வெற்றிலை என்னவாக இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். ஆகவே இந்த முறை அதைவிடச் சின்னதான, ஆனால் உடனே செய்ய வேண்டிய ஒன்றைப் பற்றிப் பேசுவோம். வெற்றிலை போடுகிற நாம் நம்முடைய வாயைத் திறந்து பார்க்கிறோமா?

இலங்கையில் ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். புகையிலை சேர்த்தால்தான் கெடுதி, வெறும் பாக்கும் வெற்றிலையும் ஒன்றும் செய்யாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. புகையிலை இல்லாமல் போட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. புகையிலை சேரும்போது ஆபத்து இன்னும் கூடுகிறது.

இந்த நோய் பெரும்பாலும் திடீரென்று வருவதில்லை. பலருக்கு அதற்கு முன்னரே, சில வேளை பல வருடங்களுக்கு முன்னரே, வாய்க்குள் ஓர் அடையாளம் தெரிகிறது. வெற்றிலையை ஒதுக்கி வைக்கிற கன்னத்தின் உட்புறத்திலோ, நாக்கின் ஓரத்திலோ, ஈறிலோ வெள்ளையாக ஒரு திட்டு விழும். கவ்வாத்துக் கத்தி பிடித்த உள்ளங்கையில் காய்ப்பு விழுவதைப் போல, ஓயாமல் உறுத்தப்பட்ட தோல் அங்கே தடித்துப்போகிறது. காய்ப்பு வலிப்பதில்லை. இதுவும் அப்படித்தான். வலி வந்தால் நாம் மருந்து காம்பராவுக்குப் போவோம். வலிக்காத ஒன்றுக்காக யார் போவது? நோய் நம்மை ஏமாற்றுகிற இடம் இதுதான்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஆபத்தானதல்ல. துணியால் துடைத்தால் போய்விடுகிற வெள்ளை வேறு விஷயம். சுண்ணாம்பு கூடிப்போய் வாய் வெந்தாலும் வெள்ளையாகும். வெற்றிலையை நிறுத்தினால் அது சில நாட்களில் ஆறிவிடும். துடைத்தாலும் போகாமல், இரண்டு வாரம் கடந்தும் அப்படியே இருக்கிற திட்டைத்தான் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட வெள்ளைத் திட்டுகளிலும் பெரும்பாலானவை புற்றாக மாறுவதில்லை. ஆனால் எது மாறும், எது மாறாது என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

சிவப்புத் திட்டு விஷயம் வேறு. வெல்வெட்டுத் துணி போல் சிவந்து கிடக்கிற திட்டும், வெள்ளையும் சிவப்பும் கலந்த திட்டும் அரிதாகத்தான் வரும். வந்தால் வெள்ளையை விடப் பல மடங்கு ஆபத்தானவை. பரிசோதிக்கும்போது அவற்றில் பலவற்றில் புற்று ஏற்கெனவே தொடங்கியிருக்கும். இவற்றுக்கு இரண்டு வாரம்கூடப் பொறுக்கத் தேவையில்லை.

மூன்றாவது அடையாளம் வாய் இறுகுவது. முதலில் உறைப்புச் சாப்பிட்டால் வாய் எரியும். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளுத்து நார்போல் இறுகும், வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். நம்முடைய மூன்று விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பற்களுக்கு நடுவே நுழைத்துப் பார்த்தால் போதும். மூன்றும் போகவில்லையென்றால் காட்ட வேண்டும். இது பாக்கினால் வருவது. பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவதைத் தடுக்கலாம், இறுகியது பழையபடி ஆவது கடினம்.

இதையெல்லாம் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டாம். 1980களில் பேராசிரியர் சமன் வர்ணகுலசூரியவும் அவருடன் இருந்தவர்களும் நம் நாட்டிலேயே இதைச் செய்து காட்டினார்கள். கிராமங்களில் வேலை செய்கிற ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்கு வாயைப் பார்க்கப் பழக்கினார்கள். அவர்கள் ஒரு வருடத்தில் 28,000க்கு மேற்பட்டவர்களின் வாயைப் பார்த்து, 1,200 பேரளவில் சந்தேகமான அடையாளங்களைக் கண்டார்கள். வைத்தியர் பார்த்தபோது அந்த ஊழியர்களின் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருந்தது. கேரளத்தில் திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வு இன்னொரு படி மேலே போனது. இப்படிக் கண்ணால் பார்த்து அனுப்பியதனால், புகையிலையோ மதுவோ பாவிப்பவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005இல் வெளியான அதன் முடிவு சொன்னது.

ஆனால் இலங்கை ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அடையாளம் இருக்கிறது, போய்க் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் போனார்கள். மீதிப் பேர் போகவே இல்லை.

அது கிராமத்துக் கணக்கு. தோட்டத்தில் எப்படி இருக்கும் என்று நாமே யோசித்துப் பார்க்கலாம். ஹாலிஎலவைச் சுற்றியுள்ள மேல்மலையிலிருந்து ஒருவர் பதுளை வைத்தியசாலைக்குப் போக வேண்டுமானால் அன்றைய பேர் இல்லை. பஸ் காசு தனி. முதல் நாள் பார்த்துவிட்டுச் சதை எடுக்க இன்னொரு நாள் வரச் சொல்வார்கள், முடிவுக்கு மூன்றாவது நாள். வலிக்காத ஒரு திட்டுக்கு மூன்று நாள் சம்பளம்! போகாதவரை அறியாமை என்று குறை சொல்வது எளிது. அவர் கணக்குத் தெரியாமல் போகாமலிருக்கவில்லை, கணக்குப் பார்த்துத்தான் போகாமலிருக்கிறார்.

ஆகவே இதைச் சங்கத்தின் வேலையாக எடுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. வருடத்துக்கு ஒரு தடவை பிரட்டுக்களத்திலோ கொழுந்து நிறுக்கிற இடத்திலோ எல்லோருடைய வாயும் பார்க்கப்பட வேண்டும். உதடு, இரண்டு கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் மேலும் கீழும் ஓரமும், நாக்குக்கு அடியிலுள்ள தளம், மேலண்ணம் என்று ஒழுங்காகப் பார்க்க ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். ஒரு டோர்ச் லைட்டும், பழகிய ஒரு சுகாதார ஊழியரும் இருந்தால் நடக்கும். துண்டு கொடுத்து அனுப்பப்படுகிறவருக்கு, வைத்தியசாலைச் சீட்டைக் காட்டினால் அந்த நாட்களுக்கு முழுப் பேர் போட வேண்டும். இந்த இரண்டாவது இல்லாமல் முதலாவதால் பயனில்லை. பாதிப் பேர் வீட்டிலேயே நின்றுவிடுவார்கள்.

நம் பக்கத்திலும் ஒரு தடை உண்டு. கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்ற பயம் லயங்களில் இன்னும் இருக்கிறது. சதை எடுப்பது என்றால், அந்த இடம் மரத்துப்போக ஊசி போட்டு, பருப்பளவு துண்டு ஒன்றை வெட்டி, ஓரிரு தையல் போடுவது. சில நாட்களில் ஆறிவிடும். அதனால் புற்று வருவதுமில்லை, பரவுவதுமில்லை. அந்தத் துண்டைப் பார்த்தால்தான் திட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். ஒன்றுமில்லை என்று முடிவு வந்தாலும் வைத்தியர் சொன்ன தவணைக்குத் திரும்பப் போக வேண்டும். ஏனென்றால் திட்டு பின்னரும் மாறலாம், வெட்டி எடுத்த இடத்திலும் மறுபடி வரலாம். வெற்றிலையை நிறுத்தியவர்களில் சிலருக்கு அது தானாகவே மங்கி மறைவதும் உண்டு.

அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு தோட்டத்துத் தலைவரும் தலைவியும் முழுப் பேர் கோரிக்கையை எழுத்தில் கொண்டு வரட்டும். அதற்கு முன், இன்று இரவு வெற்றிலையைத் துப்பி வாயைக் கொப்பளித்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தை விரலால் ஒதுக்கிப் பாருங்கள். வீட்டிலிருக்கிற அம்மாயிக்கும் தாத்தாவுக்கும் நீங்களே வெளிச்சம் பிடித்துப் பாருங்கள்.